நகலெடுக்க முடியாத திரையில் கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள்

வங்கிக் கிளைகளுக்குச் சுயசேவை இயந்திரங்களை வாங்கி நிறுவும் அதிகாரிகளுக்கும், அவற்றுக்கு மென்பொருள் எழுதும் நிறுவனங்களுக்கும் திறந்த மடல்

வணக்கம்.

தொடுதிரைப் படிவங்களை அமைப்பதும், அவை கிளையில் நின்ற பிறகு எங்கே சிக்குகின்றன என்று சோதிப்பதும் எங்கள் வேலை. பாஸ்புக் அச்சிடும் இயந்திரம், காசு போடும் இயந்திரம் ஆகியவற்றின் பக்கத்தில் இப்போது புகார், கோரிக்கை, விவரத் திருத்தம் ஆகியவற்றுக்கென்று ஒரு கியோஸ்க்கும் நிற்கிறது. அதில் விசைப்பலகை கிடையாது, மவுஸ் கிடையாது. எதையும் தேர்ந்தெடுத்து நகலெடுக்கவோ ஒட்டவோ முடியாது. ஆனால் அதில் ஓடும் படிவம் பெரும்பாலும் வீட்டுக் கணினிக்காக எழுதப்பட்ட அதே இணையப் படிவம்தான். அதில் கணக்கு எண்ணைக் கேட்கிறார்கள், பரிவர்த்தனை எண்ணைக் கேட்கிறார்கள், கடைசியில் "உங்கள் குறையை விவரமாக எழுதவும்" என்று ஒரு பெரிய பெட்டியையும் வைக்கிறார்கள். அந்தப் படிவத்தை எப்படி மாற்ற வேண்டும் என்பதைச் சொல்லவே இந்த மடல்.

நகலெடுக்கும் வசதியைத் திறந்துவிடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அதை மூடி வைத்தது சரிதான். பொது இயந்திரத்தில் ஒருவர் நகலெடுத்த கணக்கு எண், அவர் போன பிறகும் கிளிப்போர்டில் தங்கிவிடும்; அடுத்து வருபவர் ஒட்டினால் அது தெரிந்துவிடும். எழுத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் வரும் சிறு பட்டியலில் "தேடு", "பகிர்" போன்றவை இருக்கும். அவற்றில் ஒன்றைத் தொட்டால் வேறொரு சாளரம் திறக்கும், அதன் வழியாகக் கியோஸ்க்கின் பூட்டைத் தாண்டிவிடலாம். அதனால் அழுத்திப் பிடிப்பதை முடக்குவது பாதுகாப்பில் முதல் வேலை. பிரச்சினை அதற்கு அடுத்த படியில் வருகிறது. நகலெடுப்பதை மூடியவர்கள், நகலெடுத்தால் மட்டுமே எளிதாக நிரப்பக்கூடிய கேள்விகளைப் படிவத்தில் அப்படியே விட்டுவிட்டார்கள்.

பூட்டும்போது இன்னொன்றும் நடக்கிறது. அழுத்திப் பிடிப்பதையும் தேர்ந்தெடுப்பதையும் ஒட்டுமொத்தமாக முடக்கும் நிரல், பல இயந்திரங்களில் பெட்டிக்குள் கர்சரை நகர்த்தும் வசதியையும் சேர்த்தே எடுத்துவிடுகிறது. 16 இலக்க எண்ணில் மூன்றாவது இலக்கம் தவறாகப் போனால், அந்த இடத்தைத் தொட்டு அதை மட்டும் மாற்ற முடியாது. பின்னால் உள்ள 13 இலக்கங்களையும் அழித்து, பிழையான ஒன்றையும் அழித்து, மீண்டும் 14 இலக்கம் அடிக்க வேண்டும். ஒரு பிழைக்கு 28 தொடுதல். திரையின் முன் ஒருவர் அழிக்கும் விசையை விடாமல் தட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். பூட்டை வைத்துக்கொண்டே இதைச் சரிசெய்யலாம். பட்டியல் வருவதை மட்டும் தடுங்கள். பெட்டிக்குள் ஒற்றைத் தொடுதலுக்குக் கர்சர் நகரட்டும். திரையில் வரும் விசைப்பலகையில் இடம், வலம் என்று இரண்டு அம்பு விசைகளையும் வையுங்கள். எண்ணை நான்கு நான்காகப் பிரித்துக் காட்டினால் பிழை எந்தக் கட்டத்தில் என்பது பார்த்ததும் தெரியும்.

இனி ஒரே ஒரு புகாரை எடுத்துக்கொண்டு கடைசிவரை பார்ப்போம். ஏ.டி.எம்.-இல் ரூ. 5000 எடுக்கப் போனவருக்குப் பணம் வரவில்லை, ஆனால் கணக்கில் கழிந்துவிட்டது. கிளைகளுக்கு அடிக்கடி வரும் புகார் இது. வேறு வங்கியின் ஏ.டி.எம்.-ஆக இருந்தாலும் புகாரை அட்டை கொடுத்த வங்கியிடம்தான் தர வேண்டும். ஆகவே அவர் தன் கிளைக்கு, கையில் ஸ்லிப்போடு வருகிறார். படிவம் வழக்கமாகக் கேட்பவை: கணக்கு எண், 16 இலக்கம் என்று வைத்துக்கொள்வோம், கைப்பேசி எண் 10, ஏ.டி.எம். அடையாள எண் 8, தேதி 8, தொகை 4, பரிவர்த்தனைக் குறிப்பு எண் 12. எந்தப் பிழையும் இல்லாமல் அடித்தாலே 58 தொடுதல் ஆகிவிடுகிறது. விவரம் எழுதும் பெட்டி இதற்குப் பிறகுதான் வருகிறது.

இந்த 58-இல் கடினமானவை குறிப்பு எண்ணின் 12. ஸ்லிப்பைப் பார்த்து மூன்று நான்கு இலக்கத்தை மனத்தில் ஏந்தி, திரைக்குத் திரும்பி, அடித்து, மறுபடி ஸ்லிப்பில் விட்ட இடத்தைத் தேட வேண்டும். வெப்பத்தாளில் அச்சான எண் மங்கியிருக்கும். நடுவில் 000 போல ஒரே இலக்கம் அடுத்தடுத்து வந்தால் ஒன்று கூடும் அல்லது குறையும். ஸ்லிப் ஒரு கையில் இருப்பதால் அடிப்பதற்கு மிஞ்சுவது ஒரு கைதான். வாசிப்புக் கண்ணாடி அணிபவர் என்றால் ஸ்லிப்புக்கு ஒரு தூரம், திரைக்கு ஒரு தூரம் என்று ஒவ்வொரு முறையும் தலையைச் சாய்த்து நிமிர்த்த வேண்டும்.

இத்தனையும் எதற்கு? இந்த ஆறு விவரங்களும் வங்கியிடம் ஏற்கெனவே இருக்கின்றன. அட்டையைச் செருகி ரகசிய எண்ணை அடித்தவுடன் அவர் யார், எந்தக் கணக்கு, எந்தக் கைப்பேசி என்பது இயந்திரத்துக்குத் தெரிந்துவிடுகிறது. அட்டை வாசிக்கும் பாகம் இல்லாத இயந்திரத்தில் பாஸ்புக்கின் பார்கோடை வாசிக்கும் பாகம் இருக்கலாம். பாஸ்புக் அச்சிடும் இயந்திரங்கள் கணக்கை அடையாளம் காண்பது அதை வைத்துத்தான். பாஸ்புக்கை யார் வேண்டுமானாலும் எடுத்து வந்திருக்கலாம் என்பதால் அந்த வழியில் பதிவான கைப்பேசிக்கு ஓ.டி.பி. அனுப்பிச் சரிபார்க்க வேண்டும். எந்த வழியாக இருந்தாலும் அடிக்க வேண்டியது 4 அல்லது 6 இலக்கம் மட்டும்.

அதற்கு அடுத்த திரையில் கடைசிப் பத்து ஏ.டி.எம். பரிவர்த்தனைகளைப் பட்டியலாகக் காட்டுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. கணக்கு அறிக்கையில் வரும் சுருக்கக் குறியீட்டை அப்படியே போட்டால் பட்டியல் பயன்படாது. பணம் வராதவர் அடுத்த ஐந்து நிமிடத்தில் அதே தொகையை மறுபடி எடுக்கப் பார்த்திருப்பார். ஒரே நாளில் ஒரே தொகைக்கு இரண்டு வரி இருக்கும், எது எது என்று அவருக்குத் தெரியாது. வரிக்கு வரி நேரத்தையும் ஏ.டி.எம். இருக்கும் தெருப் பெயரையும் காட்டினால் உடனே கண்டுபிடித்துவிடுவார். பணம் தானாகவே திரும்பி வரவாகியிருந்தால் அந்த வரியிலேயே "ரூ. 5000 திரும்ப வரவு வைக்கப்பட்டது" என்று தேதியோடு போடுங்கள். வந்தவர்களில் ஒரு பகுதியினர் புகார் கொடுக்காமலே நிம்மதியாகத் திரும்பிவிடுவார்கள்.

வரியைத் தேர்ந்தெடுத்த பிறகு கேட்க வேண்டியது ஒரே கேள்வி: என்ன நடந்தது? பணமே வரவில்லை, குறைவாக வந்தது, நான் இந்த ஏ.டி.எம்.-க்கே போகவில்லை என்று மூன்று பெரிய பொத்தான்கள் போதும். இரண்டாவதைத் தொட்டால் மட்டும் எண்பலகை வந்து எவ்வளவு வந்தது என்று கேட்கட்டும். மூன்றாவது மோசடிப் புகார். அங்கே அட்டையை முடக்கும் பொத்தானை முதலில் காட்ட வேண்டும், மற்றவை பிறகு. மொத்தத்தில் மொழிக்கு ஒன்று, சேவைக்கு ஒன்று, வரிக்கு ஒன்று, நடந்ததற்கு ஒன்று, உறுதிப்படுத்த ஒன்று என ஐந்து தொடுதலும் ரகசிய எண்ணின் நான்கும் சேர்த்து ஒன்பது. விவரப் பெட்டியே தேவைப்படவில்லை. அந்தப் பெட்டியில் மக்கள் எழுத வந்தது "பணம் வரவில்லை" என்பதைத்தானே.

இந்தத் திரையிலேயே சொல்ல வேண்டிய ஒன்றையும் பல வங்கிகள் விட்டுவிடுகின்றன. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, ஏ.டி.எம்.-இல் பணம் வராமல் கணக்கில் கழிந்தால், பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் வங்கி அதைத் திருப்பி வரவு வைக்க வேண்டும். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ. 100 இழப்பீடு உண்டு. வாடிக்கையாளர் கேட்காமலே தர வேண்டிய தொகை அது. 3-ஆம் தேதி கழிந்த பணத்துக்கு 8-ஆம் தேதி கெடு. 14-ஆம் தேதிதான் திரும்பி வந்தது என்றால் ஆறு நாள் தாமதம், ரூ. 600. பரிவர்த்தனையைத் தேர்ந்தெடுத்தாயிற்று, தேதி இயந்திரத்துக்குத் தெரியும். கெடு நாளை அதுவே கணக்கிட்டு அச்சிடலாம். கையால் அடித்த தேதியை நம்பியிருக்கும் படிவத்தால் இதைச் செய்ய முடியாது, ஏனென்றால் அந்தத் தேதியே தவறாக இருக்கலாம்.

எல்லாப் புகாரும் இப்படிப் பொத்தானில் அடங்காது என்பது எங்களுக்குத் தெரியும். இறந்தவரின் கணக்கு, கடன் தவணையில் தகராறு, பெயரில் எழுத்துப் பிழை போன்றவற்றை வாக்கியமாகத்தான் சொல்ல முடியும். அங்கேதான் தமிழில் அடிக்கும் சிக்கல் முழுதாக வெளிப்படுகிறது.

பல கியோஸ்க்குகளில் தமிழ் விசைப்பலகை என்ற பேரில் அகரவரிசைப்படி எழுத்துகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். மெய்யைத் தொட்டால் அதன் பன்னிரண்டு உயிர்மெய்களும் ஒரு சிறு கட்டத்தில் விரியும், அதில் ஒன்றைத் தொட வேண்டும். எழுத்துக்கு எழுத்து கண் தேடும், கை இரண்டு முறை போகும். தமிழ்நாடு அரசு 1999-இல் ஏற்ற தமிழ் 99 அமைப்பில் 12 உயிர், 18 மெய், ஆய்தம் என 31 விசைகள் மட்டும். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதுக்குப் புள்ளி தானாக விழும். "பணம் வரவில்லை" என்று அடிக்க இடைவெளியோடு சேர்த்து 12 தொடுதல் போதும். தமிழ் 99 தெரியாதவர்களும் இருப்பார்கள் என்பதால் இரண்டையும் வைத்து, மாற்றும் பொத்தான் ஒன்றைக் கண்ணில் படும்படி வையுங்கள். ஆனால் தமிழ் 99-இன் மேல்வரிசையில் 12 விசைகள் வருகின்றன. 10 அங்குலத் திரையை நிறுத்தி வைத்தால் அகலம் சுமார் 135 மில்லிமீட்டர்தான். இடைவெளியே விடாவிட்டாலும் விசைக்கு 11 மில்லிமீட்டர் கிடைக்கும். விரலின் தசைப்பகுதி அழுந்தும் அகலமும் அதே அளவுதான் என்பதால் பக்கத்து விசை அடிபட்டுக்கொண்டே இருக்கும். எழுத்து அடிக்க வேண்டிய இயந்திரத்துக்கு 15 அங்குலத்துக்குக் குறைந்த திரையை வாங்காதீர்கள்; வாங்கியதைக் கிடைவாட்டில் பொருத்துங்கள்.

அடித்ததை வங்கியின் கணினி எப்படி எண்ணுகிறது என்பது அடுத்த கண்ணி. "பணம் வரவில்லை" என்பது நம் கண்ணுக்கு எட்டு எழுத்தும் ஓர் இடைவெளியும், ஆக ஒன்பது. கணினிக்குப் புள்ளி, கொம்பு, கால் ஒவ்வொன்றும் தனிக் குறி என்பதால் பதின்மூன்று. சேமிக்கும்போது யூ.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் வேண்டும், இடைவெளிக்கு ஒன்று. ஆக 37 பைட். கீழே உள்ள நான்கு வரிகளை உலாவியின் கன்சோலில் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தால் மூன்று எண்களும் வரும்.

```js
const t = "பணம் வரவில்லை";
[...new Intl.Segmenter("ta").segment(t)].length; // 9
t.length;                                        // 13
new TextEncoder().encode(t).length;              // 37
```

தரவுத்தளத்தில் விவரப் பெட்டிக்கு 500 பைட் ஒதுக்கிவிட்டு, திரையில் "500 எழுத்துகள் வரை எழுதலாம்" என்று போட்டால் என்ன ஆகும்? ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு அது உண்மை. தமிழில் எழுதுபவருக்கு 166 குறிகளோடு இடம் தீர்ந்துவிடும். மேலே உள்ள விகிதத்தில் பார்த்தால் 110 எழுத்துச் சொச்சம். நின்றுகொண்டே அத்தனையும் அடித்து முடித்தவருக்கு அனுப்பும் பொத்தானைத் தொட்டதும் "பிழை" என்று மட்டும் வரும். அல்லது இடையில் உள்ள மென்பொருள் சத்தமில்லாமல் வெட்டிவிடும். புகாரைப் படிக்கும் அலுவலருக்குப் பாதி வாக்கியமும் கடைசியில் ஒரு கேள்விக்குறிக் கட்டமும் போய்ச் சேரும். புகார்ப் பதிவுகளில் அந்தக் கட்டத்தோடு முடியும் வரிகளைத் தேடிப் பாருங்கள். இருந்தால் உங்கள் இயந்திரம் தமிழ்ப் புகார்களை வெட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பெட்டியின் அளவைப் பைட்டில் வைக்காமல் குறிகளில் வையுங்கள். திரையில் காட்டும் எண்ணிக்கையைக் கண்ணுக்குத் தெரியும் எழுத்தின்படி காட்டுங்கள்.

இவ்வளவும் சரிசெய்தாலும் 300 எழுத்துப் புகாருக்குச் சுமார் 400 தொடுதல் தேவை. தொடுதலுக்கு ஒரு விநாடி என்று வைத்தால் ஏழு நிமிடத்துக்கு அருகில் வரும். கையை நெஞ்சுயரத்தில் தூக்கி வைத்தபடி, பின்னால் வரிசை நிற்க, பக்கத்தில் இருப்பவர் படிக்கும்படி தன் கடன் விவரத்தை ஏழு நிமிடம் அடிக்க வேண்டும். எந்த விசைப்பலகையும் இதைத் தீர்க்காது. நீண்ட பதிலைக் கியோஸ்க்கில் வாங்கவே கூடாது என்பது எங்கள் முடிவு.

அதற்கான வழி கையிலேயே இருக்கிறது. புகாரின் வகையையும் கணக்கையும் கியோஸ்க்கில் பொத்தான்களால் வாங்கி, புகாரை அங்கேயே பதிவு செய்து எண்ணையும் கொடுத்துவிடுங்கள். அதன் பிறகு ஒரு கியூ.ஆர். குறியைக் காட்டி, "விவரம் சேர்க்க விரும்பினால் உங்கள் கைப்பேசியில் எழுதலாம்" என்று சொல்லுங்கள். இந்த வரிசை முக்கியம். சில இயந்திரங்கள் கியூ.ஆரை முதலில் காட்டி, கைப்பேசியில் எழுதி அனுப்பினால்தான் புகார் பதிவாகும் என்று வைத்திருக்கின்றன. நெட் பேக் இல்லாதவர், கேமரா சரியில்லாதவர், வழியில் மறந்தவர் ஆகியோரின் புகார் பதிவாகாமலே போய்விடுகிறது. புகார் கொடுத்துவிட்டோம் என்று அவர்கள் நம்பியிருப்பார்கள்.

கைப்பேசியில் அவருக்குப் பழகிய விசைப்பலகை இருக்கிறது. பேசி எழுத வைக்கலாம், குறுஞ்செய்தியில் வந்த எண்ணை நகலெடுத்து ஒட்டலாம், ஸ்லிப்பைப் படமெடுத்து இணைக்கலாம். கியோஸ்க்கில் மூடிய அத்தனையும் அங்கே திறந்திருக்கிறது. அதுவும் அவருடைய சொந்தச் சாதனத்தில், அடுத்தவருக்கு எதுவும் மிச்சம் வைக்காமல். இணைப்பு ஒரு முறை மட்டும் திறக்கட்டும், அடுத்தவர் படமெடுத்துப் போனால் பயன்படாதபடி. திறந்த பின் எழுதி முடிக்க ஒரு நாளாவது அவகாசம் கொடுங்கள். முகவரியைச் சுருக்கமாக, 60 எழுத்துக்குள் வைத்தால் குறி 33-க்கு 33 கட்டத்தில் அடங்கும். திரையில் எட்டு முதல் பத்து செ.மீ. அகலத்தில், சுற்றிலும் வெள்ளை ஓரம் விட்டுக் காட்டினால் ஓர் அடி தூரத்திலிருந்து சாதாரணக் கேமராவும் பிடித்துவிடும். நீளமான முகவரியைத் திணித்தால் கட்டங்கள் பொடியாகி, கண்ணாடியின் பளபளப்பில் பிடிபடாது.

கியூ.ஆர். என்றதும் மோசடி பயம் வரும், அது நியாயமான பயம். இந்திய வங்கிகளுக்கு மட்டுமேயான `.bank.in` முகவரிக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாறும்படி ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. இணைப்பு அந்த முகவரியிலேயே திறக்க வேண்டும். குறிக்குக் கீழே உங்கள் வங்கியின் முழு முகவரியைப் பெரிய எழுத்தில் போட்டு, "கைப்பேசியிலும் இதுவே தெரிய வேண்டும்" என்று எழுதுங்கள். வேறு நிறுவனத்தின் சுருக்க முகவரிச் சேவையைப் பயன்படுத்தினால் இந்தச் சரிபார்ப்பு முழுவதும் வீணாகிவிடும். குறியைத் தாளில் அச்சிட்டு இயந்திரத்தில் ஒட்டவும் வேண்டாம்; அதன் மேல் வேறொன்றை ஒட்ட ஒரு நிமிடம் போதும்.

ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்கு அதே திரையில் "என்னை அழையுங்கள்" என்று ஒரு பொத்தான் வேண்டும். காலை, மதியம், மாலை என்று நேரத்தை மட்டும் கேட்டு, ஊழியர் அழைத்து விவரத்தை வாயால் வாங்கி எழுதிக்கொள்ளட்டும். சாதாரணப் போன் வைத்திருப்பவருக்கு இதுதான் உண்மையில் பயன்படும் வழி.

இப்போது கடைசித் திரைக்கு வருவோம். புகார் எண் அங்கேதான் வருகிறது. நகலெடுக்க முடியாது என்ற குறை அதிகம் வலிப்பதும் இங்கேதான், ஏனென்றால் இந்தத் தடவை எண் திரையிலிருந்து மனிதருக்குப் போக வேண்டும். எழுத்தும் எண்ணும் கலந்த 18 குறிகள் பத்து விநாடி தெரிந்து, முகப்புத் திரை வந்துவிடும். O-வா 0-வா, I-யா 1-ஆ என்று பார்ப்பதற்குள் போய்விடும். அந்த எண் வெறும் ரசீது இல்லை. வங்கி 30 நாளுக்குள் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மேனிடம் முறையிடலாம், அங்கே போகும்போது வங்கியிடம் முதலில் புகார் கொடுத்ததைக் காட்ட வேண்டும். எண்ணைத் தொலைத்தவர் அந்த 30 நாளையும் தொலைக்கிறார்.

எண்ணில் இலக்கங்கள் மட்டும் இருக்கட்டும். பத்து இலக்கம் போதும், 3-3-4 என்று பிரித்துக் காட்டுங்கள். கைப்பேசி எண்ணை எழுதிப் பழகிய கைக்கு அது எளிது. கடைசி இலக்கத்தைச் சரிபார்ப்பு இலக்கமாக வையுங்கள். ஆதாரின் 12-ஆவது இலக்கம் வெர்ஹோஃப் முறையில் அமைந்தது. ஒரு இலக்கம் தவறினாலும், அடுத்தடுத்த இரண்டு இடம் மாறினாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். அதே முறையைப் பயன்படுத்தினால், பிறகு அந்த எண்ணைத் தவறாகச் சொல்லும் வாடிக்கையாளருக்கு "அப்படி ஒரு புகாரே இல்லை" என்ற பதில் வராது. "எண்ணில் ஒரு பிழை இருக்கிறது, மறுபடி பாருங்கள்" என்று வரும். எண்ணைத் தாளிலும் அச்சிடுங்கள், குறுஞ்செய்தியிலும் அனுப்புங்கள். தாள் தீர்ந்திருந்தால் அதை முதல் திரையிலேயே சொல்லிவிடுங்கள். வாடிக்கையாளர் "எழுதிக்கொண்டேன்" என்ற பொத்தானைத் தொடும்வரை எண் திரையில் நிற்கட்டும். அவர் தொடாமல் போய்விட்டால் இரண்டு நிமிடத்தில் மறையலாம்.

இதே போலத்தான் நடுவில் வரும் நேரக்கெடுவும். பையிலிருந்து ஸ்லிப்பைத் தேடுபவர் முக்கால் நிமிடம் திரையைத் தொடமாட்டார். அவர் விலகிப் போய்விட்டதாக இயந்திரம் நினைத்து அத்தனையையும் அழித்துவிடும். இணைய அணுகல் வழிகாட்டி நெறிகளில் இதற்கான அளவு இருக்கிறது: கெடு முடியும் முன் எச்சரித்து, ஒரே தொடுதலில் நீட்டித்துக்கொள்ள 20 விநாடியாவது தர வேண்டும். எச்சரிக்கைத் திரை வந்ததும் பின்னால் உள்ள விவரங்களை மங்கலாக்கிவிட்டால் பாதுகாப்பும் கெடாது.

வன்பொருளில் ஒன்றே ஒன்று கேட்கிறோம், ஆனால் அதை அழுத்திக் கேட்கிறோம். எண்களுக்கு ஏ.டி.எம்.-இல் இருப்பது போன்ற மேடுள்ள உண்மையான எண்பலகையை வையுங்கள், 5-இன் மேல் புள்ளியோடு. அதில் இலக்கங்களும் ரத்து, அழி, சரி ஆகியவையும் மட்டும் இருப்பதால், முழு விசைப்பலகையில் உள்ளது போலப் பூட்டைத் தாண்டும் விசை எதுவும் இல்லை. 2014 ஜூலை 1 முதல் நிறுவப்படும் புதிய ஏ.டி.எம்.கள் எல்லாம் பேசும் வசதியோடும் பிரெய்ல் விசைகளோடும் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. பார்வையற்ற ஒருவர் அந்த ஏ.டி.எம்.-இல் தனியாகப் பணம் எடுக்க முடிகிறது. பணம் வராவிட்டால் இரண்டடி தள்ளி நிற்கும் வழவழப்பான கண்ணாடியில் அவரால் புகார் கொடுக்க முடியவில்லை. காதுபொறி செருகும் துளையும், திரையை வாசிக்கும் குரலும், இந்த எண்பலகையும் சேர்ந்தால் மேலே சொன்ன ஒன்பது தொடுதல் புகாரை அவரும் முடித்துவிடலாம். பட்டியலில் 1, 2, 3 என்று எண் போட்டுவிட்டால் தேர்ந்தெடுப்பதும் அதே பலகையில் நடக்கும்.

கைநடுக்கம் உள்ளவருக்கும் இந்தப் பலகை உதவும். தடித்த பாதுகாப்புக் கண்ணாடி போட்ட திரைகளில் இன்னொரு குறையையும் இது தீர்க்கும். எழுத்து கண்ணாடிக்குப் பின்னால் தெரிகிறது, விரல் முன்னால் படுகிறது. மேலிருந்து பார்க்கும் உயரமானவரின் விரல் குறிவைத்த விசைக்கு மேலேயும், சக்கர நாற்காலியில் இருந்து நிமிர்ந்து பார்ப்பவரின் விரல் கீழேயும் போய் விழும். ஒருவருக்குச் சரியாகும்படி திரையை அளவுதிருத்தம் செய்தால் மற்றவருக்கு விலகல் கூடும். அதனால் "டச் சரியில்லை" என்ற புகார் வந்தால் யாருக்குச் சரியில்லை என்று முதலில் கேளுங்கள். எல்லோருக்கும் ஒரே பக்கமாக விலகினால் அது அளவுதிருத்தம். ஆளுக்கு ஆள் மாறினால் அது கண்ணாடி.

இயந்திரத்தை ஏற்றுக்கொண்டு கையெழுத்திடும் முன் கிளையிலேயே அரை மணி நேரத்தில் செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. படிவத்தை இதுவரை பார்க்காத ஒருவர் கையில் ஓர் ஏ.டி.எம். ஸ்லிப்பைக் கொடுத்து, நீங்கள் பக்கத்தில் நின்று தொடுதல்களை எண்ணுங்கள். இருபதைத் தாண்டினால் வங்கியிடம் உள்ள எதையோ படிவம் அவரிடம் கேட்கிறது. எண்ணின் நடுவில் வேண்டுமென்றே ஒரு பிழை செய்து, அதை மட்டும் திருத்த முடிகிறதா பாருங்கள். 0-வில் தொடங்கும் கணக்கு எண் ஒன்றை அடித்து, மறுமுனையில் அந்த 0 போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். எண்ணாக மாற்றிச் சேமிக்கும் மென்பொருளில் அது உதிர்ந்துவிடும். 15 இலக்கத்துக்கு மேல் போனால் கடைசி இலக்கங்களும் மாறிவிடக்கூடும். கணக்கு எண்ணை எப்போதும் எழுத்துச் சரமாகத்தான் சேமிக்க வேண்டும். பிறகு தமிழில் 200 எழுத்து அடித்து அனுப்பி, அலுவலர் திரையில் கடைசிச் சொல்லைப் படியுங்கள்.

முடிவாக ஒன்று. வெளியேறி, அடுத்த வாடிக்கையாளராக நுழைந்து, விசைப்பலகையில் முதல் இரண்டு எழுத்தைத் தட்டுங்கள். முன்னால் வந்தவர் அடித்த பெயர் பரிந்துரையாக மேலே வந்தால், நகலெடுப்பதை மூடிய அதே இயந்திரம் விசைப்பலகையின் நினைவு வழியாக ஒருவரின் விவரத்தை இன்னொருவருக்குக் காட்டிக்கொண்டிருக்கிறது. சொற்பரிந்துரையையும் கற்றுக்கொள்ளும் வசதியையும் அன்றே அணைத்துவிட்டு, ஒவ்வொருவரும் வெளியேறும்போது விசைப்பலகை முழுவதும் புதிதாகத் தொடங்கும்படி செய்யச் சொல்லுங்கள். அதைச் செய்து காட்டும்வரை இயந்திரத்துக்கான ஏற்புச் சான்றில் கையெழுத்திடாதீர்கள்.

இப்படிக்கு,
தொடுதிரைப் படிவங்களை அமைப்பவர்களும் சோதிப்பவர்களும்